பழைய படத்தைப் பெரிதாக்க கேனா, டிஃப்யூஷனா?

மும்பையில் மாட்டுங்கா, தாராவி, சயான் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பழைய படங்களைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டுத் தருவதுதான் என் வேலை. இதே தொழிலில் இருக்கும் நண்பர்களும், வீட்டில் தாங்களாகவே செய்து பார்ப்பவர்களும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "Real-ESRGAN வைத்து இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இப்போ டிஃப்யூஷன்ல படம் அவ்வளவு தெளிவா வருதே, மாறிடலாமா?"

Real-ESRGAN கேன், அதாவது GAN என்ற வகையைச் சேர்ந்த ஏஐ மாடல்; டிஃப்யூஷன் இன்னொரு வகை. மாறலாம், ஆனால் எல்லா வேலைக்கும் மாறக்கூடாது. எந்த வேலைக்கு எது என்று பிரிப்பதற்கு, இரண்டும் உள்ளே என்ன செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு படத்தை நாலு மடங்கு பெரிதாக்கினால், பழைய புள்ளி ஒன்றின் இடத்தில் பதினாறு புள்ளிகள் வருகின்றன. அந்தப் பதினாறுக்கும் தேவையான தகவல் மூலப் படத்தில் இல்லை. நிஜத்தோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் குறைக்கும்படி ஒரு மாடலைப் பழக்கினால், அது சாத்தியமான எல்லா விடைகளின் சராசரியைக் கொடுக்கும். அதனால் படம் மங்கலாக வரும். கூர்மையாக வேண்டுமென்றால் பல விடைகளில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும், அந்தத் தேர்வு ஓர் ஊகம்தான். பார்க்க இயல்பாக இருப்பதும் மூலத்தோடு பிழையில்லாமல் ஒத்துப்போவதும் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றையொன்று இழுக்கும் என்று 2018ல் பிளாவ், மிக்கேலி இருவரும் கணிதமாகவே காட்டினார்கள். எந்த முறையை எடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது விசுவாசம்: வந்த படத்தைத் திரும்பச் சின்னதாக்கினால் மூலத்தோடு ஒத்துப்போகிறதா? இரண்டாவது வேகம், அதோடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸ் கார்டு செலவு. மூன்றாவது, இல்லாததைச் சேர்க்கும் ஆபத்து. இதில் எவ்வளவு சேர்க்கிறது என்பதைவிட, சேர்த்ததை நம்மால் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதை ஒரே படத்தை வைத்துப் பார்ப்போம். தாராவியில் இருக்கும் ஒரு திருநெல்வேலிக் குடும்பம் கொண்டுவந்த குழுப் படம் அது, கருப்பு வெள்ளை. மூன்று வரிசையில் ஆட்கள், பின்னால் ஒரு தமிழ்ப் பலகை. அசல் பிரிண்ட் 2005 ஜூலை வெள்ளத்தில் போய்விட்டது. அதற்கு முன்னால் யாரோ ஸ்கேன் செய்து சிடியில் வைத்த 800×560 அளவு ஜேபெக் மட்டும்தான் மிச்சம். பின் வரிசையில் ஒரு முகத்தின் அகலம் 22 புள்ளிதான். பலகையில் ஓர் எழுத்தின் உயரம் 9 புள்ளி. குடும்பம் கேட்டது 18 அங்குல அகலத்தில் சுவரில் மாட்டும் பிரிண்ட். நாலு மடங்காக்கினால் 3200 புள்ளி அகலம் கிடைக்கும், அங்குலத்துக்கு ஏறக்குறைய 178 புள்ளி. சுவர்ப் படத்துக்கு அது தாராளம்.

## கேன் வகை

இதில் இரண்டு வலைப்பின்னல்களை எதிரெதிராக வைத்துப் பழக்குகிறார்கள். ஒன்று பெரிதாக்கிக் கொடுக்கும். இன்னொன்று 'இது நிஜப் படமா, தயாரித்ததா?' என்று சோதிக்கும். சோதனையில் மாட்டாமல் இருக்கவே முதலாவது கூர்மையான விளிம்புகளைப் போடக் கற்றுக்கொள்கிறது. SRGAN, ESRGAN, 2021ல் வந்த Real-ESRGAN எல்லாம் இந்த வழிதான். வேலை நேரத்தில் சோதிக்கும் வலைப்பின்னல் இருக்காது. படம் ஒரே ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும்.

அதனால் வேகத்துக்குக் குறையே இல்லை. Real-ESRGAN-இல் எடைகள், அதாவது பழகும்போது கற்ற எண்கள், ஏறக்குறைய ஒரு கோடியே 67 லட்சம்தான், சாதாரண கார்டே போதும். நம் படத்தை 400 அளவுத் துண்டுகளாகக் கொடுத்தால் நாலு துண்டு, நாலே ஓட்டம்.

```
python inference_realesrgan.py -n RealESRGAN_x4plus -i scan.png -o results --tile 400
```

விசுவாசத்தில் இது பெரும்பாலும் மூலத்தை ஒட்டியே நிற்கும். புடவைக் கரை, சட்டைக் காலர், பெஞ்சின் விளிம்பு எல்லாம் இருந்த இடத்திலேயே கூர்மையாகும். முகங்கள் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். ஃபிலிமின் பொடி சில இடங்களில் புழு நெளிவது போன்ற கோடுகளாகத் திரளும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகச் சுருக்குவதால் வரும் கட்ட விளிம்பை நிஜக் கோடு என்று எடுத்துக்கொண்டு அதையும் கூர்மையாக்கிவிடும். நம் படத்தில் பின்சுவரில் மூலத்தின் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் வந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்தத் தவறுகள் தவறாகவே கண்ணில் படுகின்றன. மெழுகு முகத்தைப் பார்த்து யாரும் ஏமாறமாட்டார்கள். இதை இந்த முறையின் பெரிய பலமாக நான் நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, `--face_enhance` என்ற சின்னச் சேர்க்கை. அதைப் போட்டால் முகங்களை மட்டும் GFPGAN தனியாக எடுத்து 512×512-க்கு நேராக்கி, தான் கற்ற முகங்களின் ஞாபகத்திலிருந்து திருப்பி வரைகிறது. பல மென்பொருள் திரைகளில் இது ஒரு டிக் பெட்டியாக இருப்பதால் தெரியாமலே போட்டுவிடுகிறார்கள். நெற்றித் திருநீறு சுருக்கமாக மாறுவதும், மூக்குத்தி கறை என்று நினைத்துத் துடைக்கப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான். கேன் ஊகிக்காது என்று சொல்பவர்கள் இந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கேன் ஒரே படத்துக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் தரும். அது உறுதியாகத் தெரிந்து சொல்கிறதா, குத்துமதிப்பாகச் சொல்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல வழியில்லை.

## டிஃப்யூஷன் வகை

இது வெறும் இரைச்சலில் ஆரம்பித்து, மங்கல் படத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, படிப்படியாக இரைச்சலை நீக்கி ஒரு படத்துக்கு வந்து சேர்கிறது. கூகுளின் SR3 2021ல் இதைக் காட்டியது. பிறகு வந்த StableSR, DiffBIR, SUPIR எல்லாம் எழுத்தைப் படித்துப் படம் வரையும் பெரிய மாடல்களின் முதுகில் ஏறி வேலை செய்கின்றன. உலகத்தில் பொருட்கள் எப்படி இருக்கும் என்று அந்த மாடலுக்கு நிறையத் தெரியும். அதன் பலமும் ஆபத்தும் அந்த அறிவிலிருந்துதான் வருகின்றன.

பலத்தை முதலில் சொல்கிறேன். மூலம் ரொம்பக் கெட்டுப்போயிருந்தால், அதாவது பல தடவை ஃபார்வர்டு ஆகி நைந்துபோன படமாக இருந்தால், கேன் கைவிட்டுவிடும். டிஃப்யூஷன் அப்போதும் மரத்தில் இலை இலையாக, கோபுரத்தில் சிற்பம் சிற்பமாகப் போட்டுக் கொடுக்கும். நம் படத்தில் இடது ஓரத்து வேப்ப மரத்தைக் கேன் பஞ்சு மூட்டை மாதிரி ஆக்கியிருந்தது. டிஃப்யூஷனில் அது மரமாகவே வந்தது.

அப்புறம் முகங்களுக்கு வருவோம். இரண்டு வழியிலும் சோதனைப் பிரிண்ட் போட்டு, அந்தக் குடும்பத்து ஆச்சியிடம் காட்டினோம். பின் வரிசையில் நிற்பது அவருடைய அண்ணன். டிஃப்யூஷன் பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "தம்பி, இது எங்க அண்ணன் மாதிரி இருக்கு. ஆனா அண்ணன் இல்ல. அவனுக்குக் காது இப்படியா ஒட்டி இருக்கும்?" என்றார். கேன் பிரிண்டைக் கையில் கொடுத்ததும், "மூஞ்சி மெழுகு மாதிரி இருக்கு, ஆனா இது அவன்தான்" என்று சொல்லிவிட்டார். 22 புள்ளி அகல முகத்தில் காதுக்கு இரண்டு புள்ளிதான் இருக்கும். கேன் அந்த இரண்டு புள்ளியையும் மழுப்பலாகவே விட்டுவைத்தது. டிஃப்யூஷன் அங்கே அழகான ஒரு காதை வரைந்திருந்தது, ஆனால் அது வேறு யாருடைய காதோ.

பலகை இன்னும் கவனிக்க வேண்டிய இடம். இந்த மாடல்களில் பெரும்பாலானவை படத்தை நேரடியாகக் கையாள்வதில்லை. முதலில் எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றையும் நாலே எண்களாகச் சுருக்கிக்கொண்டு அதில்தான் வேலை செய்கின்றன. 9 புள்ளி எழுத்து நாலு மடங்கில் 36 புள்ளி. அதாவது ஓர் எழுத்தின் உயரம் நாலரைக் கட்டம். 'சங்கம்' என்ற சொல்லில் ங், ம் இரண்டின் மேலும் இருக்கும் புள்ளிகள் அவ்வளவு பெரிதாக்கிய பிறகும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அவை தூசி என்று நினைக்கப்பட்டுக் காணாமல் போயின. எழுத்துகளின் வளைவுகள் தமிழ் போலத் தோன்றும், ஆனால் எந்த எழுத்தும் இல்லாத உருவங்களாக மாறின.

அதைவிட மோசம் பலகையில் இருந்த ஆண்டு. மூலத்தில் கடைசி இலக்கம் 4 போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியாது. டிஃப்யூஷன் ஒரு முறை பளிச்சென்று 1974 என்று எழுதியது, தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றி ஓட்டியபோது அதே தெளிவோடு 1971 என்று எழுதியது. பிரிண்டில் இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பார்ப்பவர் சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்காது. அடுத்த தலைமுறை அந்த ஆண்டையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் விதை மாறினால் விடை மாறுகிறதே, அதுவே இந்த முறையின் பெரிய உபயோகமும்கூட. நாலு விதையில் ஓட்டி நாலு விடைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், மாடல் எங்கெல்லாம் ஊகிக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். புடவைக் கரை நாலிலும் ஒன்றாகவே இருந்தது. அண்ணனின் காது நாலிலும் வேறு வேறாக இருந்தது. கேனிடம் இந்த வசதி கிடையாது.

விலை நேரம். நம் படத்தை 3200×2240 ஆக்க, 512 அளவுத் துண்டுகளை 64 புள்ளி மேற்பொருத்தி அடுக்கினால் 35 துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 50 படி என்றால் 1750 ஓட்டம். நாலு விதைக்கு 7000. கேனுக்கு நாலே ஓட்டம் போதும் என்று பார்த்தோம், இங்கே ஒவ்வோர் ஓட்டமும் அதைவிடப் பல மடங்கு கனம். SUPIR ஏறியிருக்கும் SDXL-இல் மட்டும் சுமார் 260 கோடி எடைகள். தாங்கக்கூடிய கார்டு இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு செலவைப் பலர் கவனிப்பதில்லை: உரிமம். SUPIR-ஐயும் StableSR-ஐயும் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். முகம் சரிசெய்யும் CodeFormer-உம் அப்படித்தான். காசு வாங்கிக்கொண்டு பிரிண்ட் போடும் கடைக்கு இது நேரடிச் சிக்கல். DiffBIR-க்கும் Real-ESRGAN-க்கும் அந்தத் தடை இல்லை.

ஒரே படியில் முடிக்கும் டிஃப்யூஷன்கள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 2024ல் வந்த OSEDiff அப்படிப்பட்டது. நேரம் நிஜமாகவே குறைகிறது. ஆனால் அது இரைச்சலில் தொடங்காமல் மங்கல் படத்திலிருந்தே நேராகத் தொடங்குவதால், விதையை மாற்றி சந்தேகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி போய்விடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கேன் | டிஃப்யூஷன் |
|---|---|---|
| மூலத்தை ஒட்டி நிற்பது | பெரும்பாலும் நிற்கும் | மூலம் கெடக் கெட விலகும் |
| நம் படத்துக்கான ஓட்டம் | 4 | ஒரு விதைக்கு 1750 |
| தவறு எப்படித் தெரியும் | மெழுகு, புழுக்கோடு என்று கண்ணில் படும் | அழகாக இருக்கும், தெரியாது |
| சந்தேகத்தை அளக்க | வழியில்லை | விதை மாற்றிப் பார்க்கலாம் |
| சின்ன எழுத்து | கறையாகும் | வேறு எழுத்தாகலாம் |
| மிகக் கெட்ட மூலம் | தோற்கும் | நம்பும்படி நிரப்பும் |

## வந்த படத்தைச் சோதிப்பது

எந்த வழியில் போனாலும் வந்த படத்தை மூல அளவுக்குச் சின்னதாக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு மடங்கு பிரகாசமாக்கிப் பாருங்கள்.

```python
from PIL import Image
import numpy as np
a = Image.open("scan.png").convert("L")
b = Image.open("out.png").convert("L").resize(a.size, Image.BICUBIC)
d = np.abs(np.asarray(a, float) - np.asarray(b, float))
Image.fromarray(np.clip(d * 8, 0, 255).astype("uint8")).save("diff.png")
```

படம் முழுக்க ஒரே சீரான பொடி தெரிந்தால் கவலை இல்லை. ஃபிலிம் பொடியை மாடல் நீக்கியிருக்கிறது, அவ்வளவுதான். கண், வாய், எழுத்து என்று உருவம் தெரிந்தால் அந்த இடத்தில் மாடல் மூலத்தை மீறியிருக்கிறது என்று அர்த்தம். படம் முழுவதும் விளிம்புகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கோடாகத் தெரிந்தால், பெரிதாக்கும்போது படம் அரைப் புள்ளி நகர்ந்திருக்கலாம். அதை மாடலின் கற்பனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சோதனையில் தோற்ற படத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் ஜெயித்த படம் உண்மையானது என்று சொல்லிவிட முடியாது. 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட PULSE என்ற முறை, சின்னதாக்கினால் மூலத்தோடு ஒத்துப்போகும் முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்படியே செய்யப்பட்டது. அதில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. சின்னதாக்கினால் அந்த முகமும் அதே மங்கல் படத்துக்குத்தான் போய்ச் சேரும். அதனால் முகங்களுக்கும் எழுத்துக்கும் விதை மாற்றும் சோதனையையும் சேர்த்துச் செய்கிறேன். அதுவும் முழுக் காப்பு இல்லை. 'சங்கம்' என்பதில் இருந்த புள்ளிகள் நாலு விதையிலும் காணாமல் போயிருந்தன. மாடலுக்குத் தமிழ் தெரியாததை விதையை மாற்றிக் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தைப் பெரிதாகத் திரையில் வைத்து, படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதற்கு வழி.

## எந்த வேலைக்கு எது

ஆளை அடையாளம் காண வேண்டிய படம், பத்திரம், கையெழுத்து, கல்வெட்டு, பலகை என்றால் டிஃப்யூஷன் பக்கம் போகவே வேண்டாம். அங்கே கேனையும் நான் அப்படியே விடுவதில்லை. Real-ESRGAN-உடன் RealESRNet_x4plus என்று இன்னொரு மாடல் வருகிறது. உள்ளமைப்பு அதேதான், எதிரெதிர்ப் பயிற்சி மட்டும் இல்லை. கொஞ்சம் மங்கலாகத் தரும், கூடுதலாக வரைவது மிகக் குறைவு. இரண்டின் விடைகளையும் எடுத்து இரண்டு அடுக்காக வைத்து, மேலடுக்கின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தால் எவ்வளவு கூர்மை வேண்டும் என்பது நம் கையில் இருக்கும்.

நூற்றுக்கணக்கில் படம் இருக்கும் கல்யாண ஆல்பத்துக்குக் கேன்தான். நேரமும் ஒத்துவரும், பக்கத்துக்குப் பக்கம் ஒரே தன்மையிலும் வரும்.

மண்டபத்து மேடைக்குப் பின்னால் கட்டும் பேனர், அழைப்பிதழின் அட்டையில் போடும் கோபுரம், படத்தின் வானமும் மரமும் தரையும் என்றால் தாராளமாக டிஃப்யூஷனுக்குப் போகலாம். அங்கே எந்த இலை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. முகமே 200 புள்ளிக்கு மேல் இருக்கும் நல்ல ஸ்கேன் கையில் இருந்தால், டிஃப்யூஷனை முகத்துக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். மூலத்தில் தகவல் போதுமான அளவு இருக்கும்போது அது சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான், விதைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

தாராவிக் குடும்பத்துப் படத்தைக் கடைசியில் நாலு அடுக்காகச் செய்தோம். உடைகளுக்கும் பெஞ்சுக்கும் Real-ESRGAN, முக மேம்பாடு இல்லாமல். பின்சுவரின் கட்டக் கோடுகள் தொந்தரவு செய்ததால் சுவருக்கும் பின் வரிசை முகங்களுக்கும் RealESRNet. வேப்ப மரத்துக்கு மட்டும் DiffBIR. பலகையை எந்த மாடலிடமும் கொடுக்காமல் சாதாரண பைக்யூபிக் முறையில் பெரிதாக்கி ஒட்டினோம். கடைசி இலக்கம் மூலத்தில் இருந்த அதே மங்கலோடு இருக்கிறது. பிரிண்டின் பின்புறம் ஒட்டிய சீட்டில் எந்தப் பகுதிக்கு எந்த மாடல், மரத்துக்கு எந்த விதை எண் என்று எழுதி, 800×560 மூலக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் போட்டுச் சேர்த்துக் கொடுத்தோம்.